மேசைக்கடியில் செம்பி

காப்பகத்திலிருந்து வளர்ந்த நாயைத் தத்தெடுத்து வருகிறவர்களின் மனத்தில் பெரும்பாலும் ஒரு கற்பனை ஓடிக்கொண்டிருக்கும். ஆட்டோவிலிருந்து இறங்கியதும் நாய் வாலை ஆட்டிக்கொண்டு வீடெல்லாம் மோந்து பார்க்கும், பிள்ளைகள் கொடுப்பதைத் தின்னும், ராத்திரி காலடியில் வந்து சுருண்டு படுக்கும். நடப்பது வேறு. கதவு திறந்ததும் அது சுவரை ஒட்டியே ஓடி, கண்ணில் பட்ட முதல் இடுக்கில் நுழைந்துகொள்கிறது. கட்டிலுக்கடி, சோபாவுக்குப் பின்புறம், குளியலறையில் வாளிக்கும் சுவருக்கும் நடுவே என்று எதுவானாலும் சரி. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் வராது, பிஸ்கட்டைக் காட்டினாலும் வராது. இரண்டாம் நாளே வீட்டில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "இதுக்கு நம்மளப் பிடிக்கலையோ?"

பிடிப்பதும் பிடிக்காததும் அப்புறம். அந்த நேரத்தில் நாயின் உடம்பு ஆபத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் மைக்கேல் ஹென்னசியும் அவரது குழுவினரும் காப்பக நாய்களின் ரத்தத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோனை அளந்து 1997-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உடல் நெருக்கடியில் இருக்கும்போது ஏறும் ஹார்மோன் அது. காப்பகத்துக்கு வந்த முதல் மூன்று நாட்களில் இருந்த நாய்களுக்கு அது உச்சத்தில் இருந்தது. ஒன்பது நாளுக்கு மேல் தங்கியவற்றுக்குக் குறைந்திருந்தது. ஓர் இடத்திலிருந்து பெயர்த்து வேறோர் இடத்தில் விடுவது நாயின் உடம்பை எப்படி உலுக்குகிறது என்பதற்கு இது நல்ல சான்று. புது வீடும் அதற்கு அப்படி ஒரு பெயர்ப்புதான்.

இன்னொரு ஆய்வு கொஞ்சம் ஆறுதலானது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லீசா கண்டர் குழுவினர், காப்பக நாய்களை ஓரிரு இரவு மட்டும் வீடுகளில் தங்கவைத்துப் பார்த்தார்கள். 2019-இல் வெளியான அந்த ஆய்வில் கார்ட்டிசால் அளவு வீட்டில் இருந்தபோது இறங்கியிருந்தது. இடையூறில்லாமல் நீண்ட நேரம் ஓய்வெடுத்ததும் அங்கேதான். நூறு நாய்கள் குரைக்கும் கூடத்தில் மாதக்கணக்கில் அரைத்தூக்கத்தில் கிடந்த பிராணிக்கு வீட்டில் முதலில் கிடைக்கும் பெரிய லாபம் தூக்கம். அன்பு காட்டும் அவசரத்தில் நாம் கெடுப்பதும் அதைத்தான்.

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொண்டு பார்த்தால் விஷயம் தெளிவாகும். வேளச்சேரியில் மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை. கணவன், மனைவி, பத்து வயதுப் பையன், பாட்டி. தத்தெடுத்தது நான்கு வயது மதிக்கத்தக்க நாட்டுப் பெண் நாய். செம்மண் நிறம் என்பதால் செம்பி. தெருவில் பிறந்தது. வண்டி மோதி ஒடிந்த பின்னங்கால் கூடிவிட்டது, நடையில் லேசான சாய்வு மட்டும் மிச்சம். காது நுனியில் சின்ன வெட்டு, கருத்தடை செய்தாயிற்று என்பதற்கான அடையாளம். அந்த வெட்டு இன்னொன்றையும் சொல்கிறது. இந்த நாய் ஒரு காலத்தில் வலை போட்டோ சுருக்குப் போட்டோ பிடிக்கப்பட்டிருக்கலாம். கயிற்றைக் கையில் எடுத்ததும் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டால், காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

நம் வீடுகளில் முதல் நாளே நடக்கும் தப்பு குளிப்பாட்டல். காப்பக வாடை போகட்டும் என்று வந்த கையோடு குளியலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துகிறார்கள். வழுக்கும் தரை, தலைமேல் தண்ணீர், அமுக்கிப் பிடிக்கும் கைகள். புது மனிதர்களைப் பற்றி நாய் கற்றுக்கொள்ளும் முதல் பாடம் இதுவாகிவிடுகிறது. வாடை தாங்காவிட்டால் ஈரத்துணி போதும், அதுவும் நாய் தானாகப் பக்கத்தில் வந்து நிற்கத் தொடங்கிய பிறகு. அடுத்த தப்பு, பார்க்க வரும் உறவுக்கூட்டம். முதல் இரண்டு வாரம் விருந்தாளி வேண்டாம் என்று சொல்வது கொஞ்சம் சங்கடம்தான். ஆனாலும் சொல்லிவிடுவது நல்லது.

செம்பியின் வீட்டார் அதை அழைத்து வருவதற்கு முன்பே ஓர் அறையைத் தயார் செய்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். கட்டிலுக்கடியைப் பெட்டிகளால் அடைத்தாயிற்று. ஒளிய இடம் தரக் கூடாது என்பதற்காக அல்ல. கட்டிலுக்கடியில் நடுவே போய்ப் படுத்த நாய்க்கு மருந்து கொடுக்க முடியாது, மூச்சு எப்படி இருக்கிறது என்று பார்க்க முடியாது. யாராவது குனிந்து கை நீட்டினால் அதற்குத் தப்பவும் வழியிருக்காது. தப்ப வழியில்லாத நாய்தான் கடிக்கிறது. ஆகவே மூலையில் ஒரு மேசை, அதன் மேல் பழைய புடவை ஒன்று தொங்க, கீழே பாய். இரண்டு பக்கம் மறைவு, ஒரு பக்கம் திறப்பு. தண்ணீர்க் கிண்ணம் படுத்தபடியே எட்டும் தூரத்தில். மொசைக் தரையில் கோணிப்பைகளை வரிசையாக விரித்து மேசையிலிருந்து கதவு வரைக்கும் ஒரு பாதை. மண்ணிலும் சிமென்ட்டிலும் நடந்து பழகிய நாய்க்கு வழவழப்பான தரை பெரிய மிரட்டல். பல நாய்கள் அறையை விட்டு வெளியே வராததற்கு ஆள்பயத்தைப் போலவே தரைப்பயமும் காரணம். காலில் பழைய முறிவு இருந்தால் கேட்கவே வேண்டாம்.

செம்பி மேசைக்கடியில் போய்ப் படுத்துவிட்டது. பாட்டிக்கு மனசு கேட்கவில்லை. "பாவம்ப்பா, பசிக்கும். கழுத்துப் பட்டையப் பிடிச்சு வெளிய இழுத்து விடு, ரெண்டு வாய் தின்னுட்டுப் போகட்டும்" என்கிறார்.

இழுக்கக் கூடாது. வெளியே இழுக்கப்பட்ட நாய் கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: இந்த இடமும் பத்திரமில்லை. அடுத்த முறை இன்னும் ஆழமான இடுக்கைத் தேடும், அல்லது கை உள்ளே வரும்போதே பல்லைக் காட்டும். பயந்த நாயைத் தொட்டு ஆறுதல் சொன்னால் பயம் கூடிவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள், அது உண்மையில்லை. தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் நாயைத் தாராளமாகத் தடவலாம். ஒளிந்திருக்கும் நாயின் இடத்துக்குள் நாம் நுழைவதுதான் கெடுதல்.

ஒளிந்திருக்கட்டும் என்று விடுவது கவனிக்காமல் விடுவதாகிவிடக் கூடாது. மூன்று விஷயங்களை ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும்: தண்ணீர் எவ்வளவு குறைந்தது, என்ன சாப்பிட்டது, எப்போது சிறுநீரும் மலமும் கழித்தது. கிண்ணத்தின் உட்புறம் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தால் ராத்திரி குடித்தது காலையில் தெரிந்துவிடும். பயந்த நாய்கள் பெரும்பாலும் வீடு அடங்கிய பிறகுதான் எழுந்து உலவும். விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து கோணிப்பையில் நகம் உரசும் சத்தம் கேட்கும். தண்ணீரை நக்கும் சத்தம் கேட்கும். பிறகு கதவுக்கடியில் மூக்கை வைத்து நீளமாக இழுத்து மோந்து பார்க்கும். அந்த நேரத்தில் ஆவலோடு எழுந்து விளக்கைப் போட்டால் அன்றைய உலா அத்தோடு முடிந்தது.

முதல் நாள் ஒன்றும் சாப்பிடாமல் இருப்பது சகஜம். சிறுநீரைக்கூட ஒரு நாள் முழுக்க அடக்கி வைத்திருக்கும். காப்பகத்தில் என்ன சாப்பிட்டதோ அதையே முதல் வாரம் கொடுப்பது நல்லது. சோறும் கோழியும் என்றால் சோறும் கோழியும்தான். உணவை மாற்ற நினைத்தால் ஏழெட்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்ற வேண்டும். ஏற்கெனவே பயத்தில் கலங்கிய வயிற்றுக்குப் புது உணவும் சேர்ந்தால் வயிற்றுப்போக்கில் முடியும்.

இரண்டு நாளாகியும் ஒரு கவளம்கூட இறங்கவில்லை, அல்லது ஒரு நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்கவில்லை என்றால் கதை வேறு. பயத்துக்கும் நோய்க்கும் வெளித்தோற்றம் ஒன்றுபோலவே இருப்பதுதான் இதில் உள்ள சிக்கல். தெருவில் வளர்ந்த நாய்களுக்கு உண்ணிக் காய்ச்சல் வருவது சாதாரணம்; கிருமி உடம்பில் பல மாதம் அடங்கியிருந்து பிறகு தலைகாட்டும். டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் காப்பகத்திலேயே தொற்றியிருந்து வீட்டுக்கு வந்த பிறகு வெளிப்படலாம். பயந்த நாய் விறைப்பாகப் படுத்திருக்கும். சத்தம் கேட்டால் காது திரும்பும், கண் அசைவைத் தொடரும், ராத்திரி எழுந்து நடமாடும். நோயுற்ற நாய் துவண்டு கிடக்கும். சத்தத்தைச் சட்டை செய்யாது, ராத்திரியும் எழாது. கண்ணிலும் மூக்கிலும் சளி, மூக்கில் ரத்தம், வெளிறிய ஈறு, வாந்தி, இருமல் இவற்றில் எதைப் பார்த்தாலும் நாய் பழகட்டும் என்று காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் போய்விட வேண்டும். இந்த அறிகுறிகள் இல்லாவிட்டால் மருத்துவமனைப் பயணத்தைச் சில நாள் தள்ளிப் போடுவதில் தவறில்லை. வெறிநோய்த் தடுப்பூசி போட்ட தேதியைக் காப்பகத்தாரிடம் முதலிலேயே எழுதி வாங்கிவிடுவது நல்லது.

முதல் வாரத்தில் எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து வாசல் கதவு. புதுநாய்க்கு இது தன் வீடு என்று தெரியாது, பெயர் தெரியாது, திரும்பி வர வழி தெரியாது. கூரியர்க்காரருக்குக் கதவைத் திறக்கும் இரண்டு விநாடியில் கால்களுக்கிடையே புகுந்து படியிறங்கிவிடும். அதனால் நாய் இருக்கும் அறையின் கதவைச் சாத்திய பிறகே வாசல் கதவைத் திறப்பது என்பது வீட்டில் எல்லோருக்கும் சட்டமாக வேண்டும், பத்து வயதுப் பையனுக்கும் சேர்த்து.

வெளியே கூட்டிப் போகும்போது இன்னொரு ஆபத்து. நாட்டு நாய்க்குத் தலை கழுத்தைவிட அவ்வளவு பருமன் இல்லை. ஹார்ன் சத்தத்துக்கு மிரண்டால் முன்னால் ஓடுவதைவிட அது பின்வாங்குவதுதான் அதிகம். கயிற்றைப் பிடித்திருப்பவர் முன்னால் இழுக்க, அது தலையைக் குனிந்து பின்னால் உருவ, பட்டை காது வழியே கழன்று கையோடு வந்துவிடும். இரண்டு விரல் நுழையும் அளவுக்கு மேல் பட்டை தளர்ந்திருக்கக் கூடாது. அதோடு நெஞ்சைச் சுற்றிப் போடும் ஹார்னஸ் ஒன்றும் வேண்டும். இரண்டு கயிறு, ஒன்று பட்டையில், ஒன்று ஹார்னஸில். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. ஹார்னஸை மாட்டவே விடாத நாயானால் முதல் நாட்களில் தெருவையே மறந்துவிட்டு, குளியலறையிலோ பால்கனியிலோ செய்தித்தாள் விரித்துச் சமாளிக்கலாம். லிஃப்ட்டும் அப்படித்தான், கதவு தானாக மூடும் அந்தப் பெட்டியைப் பழக்கத் தனியாக ஒரு வாரம் தேவைப்படும்.

இனி, நெருங்குவது எப்படி?

நெருங்காமல் இருப்பதுதான் வழி. செம்பி இருக்கும் அறையில் ஒருவர் தினமும் காலையும் மாலையும் கால்மணி நேரம் தரையில் உட்காருகிறார். மேசைக்கு நேராக அல்ல, பக்கவாட்டில் திரும்பி, கண்ணைப் பார்க்காமல். கையில் செல்போனோ வாரப் பத்திரிகையோ. பக்கத்துக் கிண்ணத்தில் வேகவைத்த கோழி ஈரல், சுண்டுவிரல் நக அளவுத் துண்டுகளாக. முதல் நாட்களில் வேறெதுவும் செய்வதில்லை. போகும்போது இரண்டு துண்டை மேசையோரம் போட்டுவிட்டுப் போகிறார், அவ்வளவுதான். மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ, அவர் உட்கார்ந்திருக்கும்போதே செம்பி கழுத்தை நீட்டி அதை எடுத்துக்கொள்கிறது.

இங்கேதான் எல்லோரும் ஒரு தந்திரத்தில் இறங்குகிறார்கள். துண்டை உள்ளங்கையில் வைத்து "வா வா" என்று நீட்டுகிறார்கள். பசி ஒரு பக்கம் இழுக்க, பயம் மறுபக்கம் இழுக்க, நாய் பின்னங்கால்களை அங்கேயே ஊன்றிக்கொண்டு உடம்பை மட்டும் ரப்பர் போல நீட்டி எடுக்கிறது. எடுத்த மறுகணம்தான் தான் எவ்வளவு அருகில் வந்துவிட்டோம் என்று அதற்கு உறைக்கிறது. அந்த அதிர்ச்சியில் சில நாய்கள் கடித்தும் விடும். பயந்த நாய்களோடு பழகிய பயிற்சியாளர்கள் இதை நேர்மாறாகச் செய்கிறார்கள். நாய் ஓரடி முன்னால் வந்தால், தீனியை அதற்குப் பின்னால், தூரமாக எறிகிறார்கள். நாய் திரும்பிப் போய் எடுக்கிறது. அதற்கு இரண்டு நிம்மதி: வாய்க்கு ஈரல், மனிதரிடமிருந்து விலகல். அடுத்த முறை அது வருவது தன் விருப்பத்தில், வந்தாலும் திரும்பிப் போகலாம் என்ற நம்பிக்கையில். ஒரு வாரத்தில் அந்த ஓரடி மூன்றடியாகும். வரும் வேகத்தில் வித்தியாசம் தெரியும். தயங்கித் தயங்கி வந்தது நிமிர்ந்து நடந்து வரும், வால் வயிற்றோடு ஒட்டாமல் தொங்கும். உதட்டை நக்குவது, தூக்கமில்லாமலே கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண் வெள்ளை தெரியப் பார்ப்பது, இவையெல்லாம் அது போதும் என்று சொல்லும் விதங்கள். அன்றைக்கு அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

உறுமலையும் இதே வரிசையில்தான் வைக்க வேண்டும். உறுமிய நாயை அதட்டி அடக்கினால் பயம் குறைவதில்லை, உறுமுவது மட்டுமே நிற்கிறது. பிறகு அது முன்னறிவிப்பு இல்லாமல் கடிக்கும். பத்து வயதுப் பையனுக்கு இதை முதல் நாளே விளக்க வேண்டும். மேசைக்கடியில் தலையை நுழைக்கக் கூடாது, கட்டிப்பிடிக்கக் கூடாது, தூங்கும்போதும் சாப்பிடும்போதும் தொடக் கூடாது. அவனுக்கு ஏற்ற வேலை வேறு இருக்கிறது. அறை வாசலில் உட்கார்ந்து பாடப்புத்தகத்தைச் சத்தமாகப் படிக்கலாம். நாய்க்கு அவன் குரல் பழகும், பாட்டிக்கும் சந்தோஷம்.

வளர்ந்த நாய்க்குப் புதிதாகப் பாசம் வராது, குட்டியிலிருந்தே வளர்த்தால்தான் ஒட்டும் என்று ஒரு பேச்சு உண்டு. புடாபெஸ்ட் நகரத்தில் மார்த்தா காச்சி குழுவினர் காப்பகத்தின் வளர்ந்த நாய்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரே ஆள், ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம், மொத்தம் மூன்றே முறை நாயோடு பழகினார். அதற்குள் அந்த நாய்களிடம் அந்த ஆளைத் தனியாக நாடும் போக்கு தென்பட்டது என்று 2001-இல் எழுதினார்கள். நம் நாட்டுத் தெருநாய்களைப் பற்றியும் ஓர் ஆய்வு இருக்கிறது. கொல்கத்தா ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு 2017-இல் வெளியிட்டது அது. முன்பின் தெரியாத ஒருவர் திரும்பத் திரும்ப வந்தபோது, சோறு போட்டவரைவிடத் தடவிக்கொடுத்தவரை அந்த நாய்கள் அதிகம் நம்பின. ஆனால் இதில் ஓர் எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இவை மனிதரை ஓரளவு அருகே வரவிட்ட நாய்கள். மேசைக்கடியில் நடுங்கும் நாயை உடனே தடவலாம் என்பதற்கு இந்த ஆய்வு அனுமதிச் சீட்டு அல்ல.

தடவும் நேரம் வந்துவிட்டதா என்று நாயிடமே கேட்டுவிடலாம். அது பக்கத்தில் வந்து நிற்கும்போது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோகாமல், மார்பிலோ தோள்பட்டையிலோ மூன்று விநாடி மட்டும் தடவிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். இன்னும் நெருங்கி வந்தாலோ மூக்கால் கையை இடித்தாலோ மேலும் மூன்று விநாடி. அசையாமல் உறைந்து நின்றால் வேண்டாம் என்று அர்த்தம். உறைந்து நிற்பதைப் பொறுமை என்று எடுத்துக்கொள்வதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள்.

காப்பகத்தார் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மூன்று நாளில் அதிர்ச்சி அடங்கும், மூன்று வாரத்தில் வீட்டு வழக்கம் பிடிபடும், மூன்று மாதத்தில் வேரூன்றும். அனுபவக் கணக்குதானே தவிர ஆய்வு முடிவு அல்ல. சில நாய்கள் இரண்டாம் நாளே சோபாவில் ஏறிவிடும், சில ஆறு மாதம் எடுத்துக்கொள்ளும். ஆனால் மூன்றாவது வாரத்தைப் பற்றி அந்தக் கணக்கு சொல்லாத ஒன்று இருக்கிறது. அதுவரை சத்தமே போடாத செம்பி ஒரு காலையில் பால்காரரைப் பார்த்துக் குரைக்கிறது. எலும்பை வைத்துக்கொண்டு உறுமுகிறது. எல்லோரும் வெளியே போனால் கதவைப் பிராண்டுகிறது. "நல்லாத்தானே இருந்துச்சு, இப்ப ஏன் இப்படி?" என்று வீட்டார் கலங்குகிறார்கள். முன்பு அது நல்ல பிள்ளையாக இருக்கவில்லை, பயத்தில் ஒடுங்கிக் கிடந்தது. இப்போதுதான் அதன் உண்மையான சுபாவம் வெளியே வருகிறது, வளர்ப்பவர்களின் உண்மையான வேலையும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. எலும்பைப் பிடுங்காமல் அதைவிட நல்லதைக் கொடுத்து மாற்றிக்கொள்வது, தனிமைக்குப் பழக முதலில் ஒரு நிமிடம், பிறகு ஐந்து நிமிடம், பிறகு அரைமணி என்று வெளியே போய்த் திரும்புவது. விடுப்பு எடுத்து இரண்டு வாரம் நாயோடேயே இருந்துவிட்டு, பதினைந்தாம் நாள் காலையில் எல்லோரும் ஒன்பது மணி நேரம் காணாமல் போவது மிக மோசமான வழி.

வீட்டுச் சத்தங்களும் இந்த வாரங்களில்தான் ஒவ்வொன்றாகப் பழக வேண்டும். குக்கர் விசில், மிக்ஸி, காலிங் பெல், தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறி. தெருவில் லாரிக்கு அசராத நாய் மின்விசிறிக்கு நடுங்குவது வினோதமாகத் தெரியும். லாரியை அது ஆயிரம் முறை பார்த்திருக்கிறது, தலைக்கு மேல் சுழலும் பொருளை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. குக்கரை வைக்கும் முன் அறைக்கதவைச் சாத்திவிட்டு, விசில் வரும்போதெல்லாம் ஒரு துண்டு ஈரல் கிடைத்தால், ஒரு மாதத்தில் விசிலுக்குக் காது நிமிரும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் மட்டும் தத்தெடுப்பதைத் தள்ளிப்போடுவது உத்தமம்.

எல்லா நாயும் இப்படி வெளியே வந்துவிடும் என்று உத்தரவாதம் கிடையாது. குட்டிப் பருவத்தில், ஏறத்தாழ மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று மாதம் முடியும் வரை, மனிதரையே பார்க்காமல் வளர்ந்த நாய்க்கு மனிதர் என்றைக்கும் கொஞ்சம் அந்நியராகவே இருப்பார். அது தன் வீட்டாரை மட்டும் ஏற்றுக்கொண்டு, விருந்தாளி வந்தால் வாழ்நாள் முழுக்க அறைக்குள் போய்விடலாம். அதையும் ஒரு சுபாவம் என்று எடுத்துக்கொண்டு அதற்கேற்ப வீட்டை நடத்துபவர்கள் உண்டு. ஆனால் ஒரு மாதமாகியும் ஆட்கள் விழித்திருக்கையில் சாப்பிடவே மறுப்பது, சின்னச் சத்தத்துக்கும் சுவரில் மோதிக்கொள்வது, தன் காலைத் தானே கடித்துப் புண்ணாக்கிக்கொள்வது என்று போனால் பொறுமையும் ஈரலும் மட்டும் போதாது. முதலில் வலிக்குக் காரணம் இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். செம்பி மாதிரி பழைய முறிவு உள்ள நாய்க்கு வலியே பயமாக வெளிப்படலாம். வலி இல்லை என்றால் பயத்தைத் தணிக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. மனிதர்களுக்குக் கொடுக்கும் ஃப்ளூவாக்ஸெட்டின் அவற்றில் ஒன்று, நாய்க்கும் கொடுக்கிறார்கள். அது வேலை செய்யத் தொடங்க நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அளவை நாயின் எடையைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பாட்டியின் மருந்து டப்பாவிலிருந்து பாதி உடைத்துக் கொடுப்பது கூடவே கூடாது. மாத்திரை ஓடும்போதும் பழைய ஏற்பாடு அப்படியே தொடர வேண்டும்: மேசை, புடவை, கோணிப்பை, பக்கவாட்டில் திரும்பி உட்காரும் அந்தக் கால்மணி நேரம்.